இரண்டு பாத்திரம், ஒரே ஒரு முடிவு

5 லிட்டர் பிடிக்கும் ஒரு வாளி, 3 லிட்டர் பிடிக்கும் ஒரு தூக்கு. இரண்டிலும் கோடு கிடையாது, எண் கிடையாது. தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது. சரியாக 4 லிட்டர் எடுக்க வேண்டும். கண்மதிப்பில் பாதி, முக்கால் என்று ஊற்றக் கூடாது.

இந்தப் புதிரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். விடையும் ஒரு காலத்தில் தெரிந்திருக்கும், இப்போது மறந்திருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளோடு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போடும்போது நான் அடிக்கடி எடுப்பது இதைத்தான். காகிதத்தில் போடச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட வாளியைக் கையில் கொடுத்தால் விடமாட்டார்கள். சென்னை வெயிலில் தண்ணீரில் கைவைக்க யாருக்குத்தான் ஆசை இல்லை.

அவர்கள் விளையாடுவதைப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லோரும் இதை வழி தெரியாத சந்துக்குள் நுழைவது போலத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஊற்றுகிறார்கள், கவிழ்க்கிறார்கள், திரும்ப நிரப்புகிறார்கள். எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோய், "அண்ணா, முதல்லேர்ந்து வர்றேன்" என்கிறார்கள். எத்தனையோ வழிகள் இருக்கின்றன, அதில் நல்ல வழி ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்ற நினைப்பு. உண்மை நேர்மாறானது. இந்தப் புதிரில் நாம் எடுக்கும் முடிவு மொத்தமே ஒன்றுதான்: முதலில் வாளியை நிரப்புவதா, தூக்கை நிரப்புவதா? அதற்கப்புறம் எல்லாம் தண்டவாளம்.

ஏன் என்று பார்ப்போம். கோடு இல்லாத பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது எங்கே நிறுத்த முடியும்? இரண்டே இடத்தில். ஊற்றுகிற பாத்திரம் காலியாகும்போது, அல்லது வாங்குகிற பாத்திரம் நிரம்பும்போது. நடுவில் நிறுத்தினால் எவ்வளவு இருக்கிறது என்று நமக்கே தெரியாது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டில் ஒன்றாவது காலியாகவோ விளிம்பு வரை நிரம்பியோ இருக்கும். இரண்டும் அரைகுறையாக இருக்கும் நிலைக்கு நம்மால் போகவே முடியாது.

இப்போது ஒரு நிலையை எடுத்துக்கொண்டு உற்றுப் பார்க்கலாம். வாளியை நிரப்பித் தூக்கில் ஊற்றியாயிற்று, தூக்கைக் கவிழ்த்தாயிற்று. வாளியில் 2 லிட்டர், தூக்கு காலி. இங்கிருந்து என்னென்ன செய்யலாம்? வாளியை நிரப்பினால் ஆரம்பத்தில் இருந்த இடத்துக்கே போய்விடுவோம். வாளியைக் கவிழ்த்தால் இரண்டும் காலி, அதுவும் ஆரம்பம்தான். தூக்கை நிரப்பினால் ஒரு படி முன்னால் இருந்த நிலை, அதாவது இப்போதுதான் செய்ததை அழிக்கிறோம். காலித் தூக்கைக் கவிழ்ப்பதிலும் அதிலிருந்து வாளிக்கு ஊற்றுவதிலும் ஒன்றும் இல்லை. மீதி இருப்பது ஒன்றே ஒன்று: வாளியில் உள்ள 2 லிட்டரைத் தூக்கில் ஊற்றுவது. இதுவரை பார்க்காத நிலைக்குக் கொண்டுபோவது அது மட்டும்தான்.

அடுத்த நிலைக்கு வருவோம். வாளி காலி, தூக்கில் 2. தூக்கை நிரப்பினாலும் கவிழ்த்தாலும் ஆரம்பத்துக்குப் பக்கத்தில் போய் விழுகிறோம். திருப்பி வாளியில் ஊற்றினால் வந்த வழி. முன்னே போக வேண்டுமானால் வாளியை நிரப்ப வேண்டும், வேறு எதுவும் இல்லை. இப்படி ஒவ்வொரு நிலையிலும் போட்டுப் பார்க்கலாம். பின்னால் போகும் வழி ஒன்று, முன்னால் போகும் வழி ஒன்று, மீதியெல்லாம் ஆரம்பத்துக்கே தூக்கி எறிகிறவை, இல்லாவிட்டால் இரண்டையும் நிரப்பி முட்டுச்சந்தில் விடுகிறவை.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இதை என்னிடம் கேட்காமலே பிடித்துக்கொண்டாள். "அப்போ திரும்பாம போய்க்கினே இருந்தா போதுமாண்ணா?" என்றாள். போதும். வாளியில் ஆரம்பித்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாளி காலியானால் நிரப்பு, தூக்கு நிரம்பினால் கவிழ்த்துவிடு, மற்ற நேரமெல்லாம் வாளியிலிருந்து தூக்குக்கு ஊற்று. யோசிக்கவே வேண்டாம்.

அப்படியே நடந்து பார்ப்போம். வாளியில் 5. தூக்கில் ஊற்றினால் வாளியில் 2, தூக்கில் 3. தூக்கைக் கவிழ்த்தால் வாளியில் மட்டும் 2. அதைத் தூக்குக்கு மாற்று. வாளியை மறுபடி நிரப்பு: வாளியில் 5, தூக்கில் 2. தூக்கில் இன்னும் 1 லிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது. அது நிரம்பும் வரை ஊற்றினால் வாளியில் மிச்சம் 4. ஆறு படிகள்.

தூக்கில் ஆரம்பித்தவர்களும் அதே 4-க்கு வந்து சேர்வார்கள். தூக்கை நிரப்பி வாளியில் ஊற்று, வாளியில் 3. மறுபடி நிரப்பி ஊற்றினால் வாளி 2 லிட்டரில் நிரம்பிவிடும், தூக்கில் 1 தங்கும். வாளியைக் கவிழ்த்து அந்த 1-ஐ அதில் போடு. தூக்கை இன்னொரு முறை நிரப்பி ஊற்றினால் 4. இது எட்டு படிகள். ஒரு வட்டத்தில் வலப்பக்கம் போனால் ஆறாவது நிலை, இடப்பக்கம் போனால் எட்டாவது. வழி ஒன்றே, திசைதான் வேறு. இரண்டும் காலியாக இருக்கும் நிலையையும் சேர்த்து அந்த வட்டத்தில் 15 நிலைகள் உண்டு. 1 முதல் 5 வரை எல்லா முழு லிட்டரும் அதில் எங்கேயாவது வந்துவிடும்.

எந்தத் திசை குட்டை என்பதை ஊற்றாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாளியில் ஆரம்பித்தால் உள்ளே வருவதெல்லாம் 5, 5-ஆக வருகிறது, வெளியே போவதெல்லாம் 3, 3-ஆகப் போகிறது. 5-இன் மடங்குகளை எழுதி, எதிலிருந்து 3-இன் மடங்கு ஒன்றைக் கழித்தால் 4 வரும் என்று பார்க்க வேண்டும். 5-இல் வராது, 10-இல் வரும்: 10-இல் 6 போக 4. வாளியை இரண்டு முறை நிரப்பினால் போதும். தூக்கில் ஆரம்பித்தால் 3, 6 இரண்டும் உதவாது, 9-இல் 5 போக 4. மூன்று முறை நிரப்ப வேண்டும். ஊற்றுவதும் கவிழ்ப்பதும் இந்தக் கழித்தல் கணக்கு தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் விதம், அவ்வளவுதான்.

இதே கணக்குதான் முடியாததையும் சொல்லிவிடும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருப்பது 20 லிட்டர் தண்ணீர் கேனும் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடமும். இந்த இரண்டை வைத்து 8 லிட்டர் எடு என்றால் ராத்திரி முழுக்க ஊற்றினாலும் வராது. 20-இன் மடங்கில் 15-இன் மடங்கைக் கழித்தால் வருவது எப்போதும் 5-இன் மடங்கு. 5 வரும், 10 வரும், 8 வரவே வராது. இரண்டு கொள்ளளவுகளின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதன் மடங்குகள் மட்டும்தான் கிடைக்கும். 5-க்கும் 3-க்கும் அது 1 என்பதால்தான் அங்கே எல்லாமே கிடைத்தது. பிள்ளைகளுக்கு இதைச் சூத்திரமாகச் சொல்வதைவிட கேனையும் குடத்தையும் மனசில் வைத்துப் பத்து நிமிஷம் போராடவிட்டுப் பிறகு சொல்வது எனக்குப் பிடிக்கும். அது முடியாத காரியம் என்று தெரியவரும்போது அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி தனி.

சரி, புத்தகத்தில் இந்தப் புதிரைப் போடுகிறவர்கள் யோசிக்காத ஒன்று எங்கள் மாடியில் உடனே வந்து நிற்கும். தூக்கைக் கவிழ்த்துவிடு என்று நான் சொன்னதும் ஒரு பையன் தண்ணீரைத் தரையில் ஊற்றினான். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே கேட்டார்: "இன்னா தம்பி, லாரித் தண்ணியப் போய் இப்படிக் கொட்டினுகீறீங்க?"

கேட்டது நியாயம். லாரி வரும் நேரத்துக்குக் குடம் வரிசை போட்டு, அடிபம்பில் கை ஓய அடித்து வளர்ந்த ஊர் இது. ஆக விதியை மாற்றினோம். பெரிய அண்டா ஒன்றில் 8 லிட்டர் தண்ணீர். நிரப்புவதும் அதிலிருந்து, கவிழ்ப்பதும் அதற்குள்ளே. ஒரு சொட்டுகூட வெளியே போகாது.

அப்படி மாற்றியதும் கையில் வந்து நின்றது இந்தப் புதிரின் மிகப் பழைய வடிவம். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்டாடே நகரத்து மடாதிபதி ஆல்பர்ட் எழுதிய வரலாற்றுக் குறிப்புகளில் 8, 5, 3 என்ற இதே மூன்று அளவுகளோடு இந்தக் கணக்கு இருக்கிறது. 8-ஐ இரண்டு சம பங்காக்க வேண்டும், அளவுக்கோடு இல்லாத 5-உம் 3-உம் மட்டும்தான் துணை. குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. நாம் மேலே நடந்த அதே ஆறு படிகள்தான். கடைசியில் தூக்கில் இருக்கும் 3-ஐ அண்டாவில் ஊற்றினால் அங்கே இருக்கும் 1-உடன் சேர்ந்து 4. அண்டாவில் 4, வாளியில் 4, ஏழு ஊற்றில் முடிந்தது.

அண்டாவில் 8 இருந்தால் எங்கேயும் தண்ணீர் பற்றாமல் போகாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் வட்டத்தில் வாளியும் தூக்கும் சேர்ந்து அதிகபட்சம் வைத்திருப்பது 7 லிட்டர்தான், வாளியில் 5-உம் தூக்கில் 2-உம் இருக்கும் போதும், அடுத்து 4-உம் 3-உம் இருக்கும் போதும். ஆகவே வட்டம் முழுவதையும் 8 லிட்டரில் நிம்மதியாகச் சுற்றி வரலாம்.

இதைப் படமாகப் பார்க்கும் வழி ஒன்றை எம். சி. கே. ட்வீடி என்பவர் 1939-இல் 'மேத்தமெட்டிகல் கெசட்' இதழில் எழுதினார். வடசென்னைக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நாம் கேரம் ஆடிப் பழகியவர்கள். சதுரப் பலகைக்குப் பதிலாகச் சாய்ந்த பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அடிப்பக்கம் 5 கட்டம், சாய்ந்த பக்கம் 3 கட்டம், இடது கீழ் மூலையில் கோணம் 60 டிகிரி. அடிப்பக்கத்தோடு எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ அது வாளியில் உள்ள தண்ணீர். சாய்ந்த பக்கத்தோடு எவ்வளவு ஏறியிருக்கிறோமோ அது தூக்கில் உள்ள தண்ணீர். இடது கீழ் மூலை இரண்டும் காலி.

ஸ்ட்ரைக்கரை அந்த மூலையில் வைத்து அடிப்பக்கத்தோடு தட்டினால் வலது மூலைக்குப் போய் நிற்கும், வாளி நிரம்பிவிட்டது. அங்கிருந்து இடப்பக்கம் சாய்ந்து மேல் விளிம்பைத் தொடும் இடத்தில் வாளியில் 2, தூக்கில் 3. பட்டதும் கேரம் பலகையில் திரும்புவது போலவே சம கோணத்தில் திரும்பிக் கீழே வரும், தூக்கைக் கவிழ்த்தாயிற்று. கீழ் விளிம்பில் பட்டு இடது பக்கத்துக்கு ஏறினால் 2 லிட்டர் தூக்குக்கு மாறிவிட்டது. இடது பக்கத்தில் பட்டுக் குறுக்கே வலது பக்கம் வரை ஓடினால் வாளி மறுபடி நிரம்பியது. அங்கே பட்டு மேலே சாயும்போது தொடும் புள்ளி: வாளியில் 4, தூக்கில் 3. முதல் தட்டு மட்டும் நம்முடையது, மற்றதெல்லாம் விளிம்பு பார்த்துக்கொள்ளும். இந்தக் கோணம் 60-ஆக இருப்பதால்தான் திரும்பும் ஒவ்வொரு பாதையும் ஒரு சரியான ஊற்றாகவோ நிரப்பாகவோ கவிழ்ப்பாகவோ அமைகிறது. ஸ்ட்ரைக்கர் எப்போதும் விளிம்பில்தான் போய்ப் படுகிறது, பலகையின் நடுவில் நிற்பதே இல்லை. இரண்டும் அரைகுறையாக இருக்க முடியாது என்று மேலே சொன்னதும் இதுவும் ஒன்றே. முக்கோணக் கட்டக் காகிதம் கிடைத்தால் ஒரு முறை வரைந்து பாருங்கள். 5-ஐயும் 3-ஐயும் 7, 4 என்று மாற்றினாலும் இப்படியே நடக்கும்.

காகிதத்தில் இதெல்லாம் துல்லியம். நிஜத் தண்ணீரில் கதை வேறு, எனக்கு அதிகம் பிடித்த பகுதியும் அதுதான். 'நிரம்பியது' என்பதே ஒரு சந்தேகமான சொல். எங்கள் வாளியின் வாய் 22 சென்டிமீட்டர் அகலம். விளிம்புக்கு 1 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட்டால் கிட்டத்தட்ட 38 மில்லி குறைந்துபோகும். 14 சென்டிமீட்டர் வாய் உள்ள தூக்கில் அதே 1 மில்லிமீட்டர் 15 மில்லிதான். வாய் குறுகின பாத்திரம் எப்போதும் நல்ல அளவுப் பாத்திரம். அப்புறம், விளிம்பு தளும்ப நிறைந்த வாளியைத் தூக்கிச் சாய்த்தால் வெளியே சிந்தாமல் இருக்காது. அதனால் வாளி இடம் மாறாமல் இருக்கட்டும் என்று முதலில் மக்கில் மொண்டு ஊற்றச் சொல்வேன், தண்ணீர் இறங்கிய பிறகு சாய்த்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தவறு பாத்திரத்திலேயே இருக்கும். கடையில் 5 லிட்டர் என்று சொல்லித் தந்த வாளி உண்மையில் எவ்வளவு பிடிக்கும்? நமக்குக் கிடைத்த 4 என்பது இரண்டு வாளியில் இரண்டு தூக்கைக் கழித்தது. வாளி 50 மில்லி அதிகம் பிடித்தால் விடை 100 மில்லி தள்ளிப்போகும். படிகள் கூடக் கூட, நிரப்பிய எண்ணிக்கையால் பிழையும் பெருகிக்கொண்டே போகும். குட்டைத் திசையைத் தேடுவதற்கு நேரம் மிச்சம் என்பதைவிட இதுதான் நல்ல காரணம்.

பிழை இருக்கிறதா என்று அந்த இரண்டு பாத்திரங்களை வைத்தே சோதிக்கவும் முடியும். 4 வந்ததும் நிறுத்தாமல் வட்டத்தை முடிக்க வேண்டும். வாளியை மூன்று முறை நிரப்பினால் 15, தூக்கை ஐந்து முறை நிரப்பினாலும் 15. ஆகவே மூன்றாவது வாளியின் கடைசித் தண்ணீர் ஐந்தாவது தூக்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும், வாளியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது, தூக்கிலும் இடம் மிஞ்சக் கூடாது. நாங்கள் செய்து பார்த்தபோது தூக்கு தளும்பிவிட்டது, வாளியின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடந்தது. 200 மில்லி இருக்கும்.

யார் மேல் தப்பு? இந்தச் சோதனை அதைச் சொல்லாது. தூக்கு சரியான 3 என்றால் வாளி 5-க்கு மேல் சுமார் 67 மில்லி அதிகம் பிடிக்கிறது, நாம் எடுத்த 4 உண்மையில் 4.13. வாளி சரியான 5 என்றால் தூக்கு 40 மில்லி குறைவு, அப்போது நம் 4 உண்மையில் 4.08. இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாக இருந்தாலோ சோதனையில் எதுவும் மிஞ்சாது, ஆனால் விடை அதே விகிதத்தில் பெரிதாகியிருக்கும். ஊற்றி ஊற்றிப் பார்த்தால் தெரிவது இரண்டு பாத்திரத்துக்கும் உள்ள விகிதம் மட்டும்தான். லிட்டர் என்பது வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

எங்களுக்கு அது மீன்காரம்மாவின் எலெக்ட்ரானிக் தராசிலிருந்து வந்தது. காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து எங்கள் தெருமுனையில் விற்கிறவர் அவர். வியாபாரம் முடிந்த பிறகு கேட்டோம், "கழுவிட்டுத் தாங்கப்பா" என்று கொடுத்தார். காலிப் பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பிறகு விளிம்பு வரை நிரப்பினோம். 30 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் தண்ணீர் சுமார் 996 கிராம்தான் இருக்கும், அதையும் பிள்ளைகள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். தூக்குத் தண்ணீர் 2.985 கிலோ, வாளித் தண்ணீர் 5.045 கிலோ. தூக்கு கிட்டத்தட்ட சரியாக 3 லிட்டர். வாளிதான் 5.065.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் சிலேட்டில் 4-ஐ அழித்துவிட்டு 4.13 என்று எழுதினாள்.